வங்கிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் போகுமுன்: சான்றிதழ்களைப் போனில் வைத்துக்கொள்ள எந்தச் செயலி?

கேலரியில் ஆதார் அட்டையின் படம், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட பான் கார்டு, மின்னஞ்சலில் எங்கோ ஒரு மூலையில் சாதிச் சான்றிதழ். நம்மில் பலருடைய டிஜிட்டல் பீரோ இவ்வளவுதான். படிவம் நிரப்பும்போது எண்ணைப் பார்த்து எழுத இது போதும். வங்கிக் கவுன்டரில் அதே படத்தை நீட்டினால் "ஒரிஜினல் எங்கே?" என்று கேட்பார்கள். கேட்பவர் மேல் தப்பில்லை. அந்தப் படத்தில் பெயரையோ பிறந்த தேதியையோ யாராவது மாற்றியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க அவருக்கு வழியே கிடையாது.

அதனால் ஒரு செயலியைப் போனில் ஏற்றுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்குள் ஆவணம் எங்கிருந்து வருகிறது? நாம் படம் பிடித்துப் போட்டு வைப்பதா, ஆவணத்தை வழங்கிய துறையின் கணினியிலிருந்தே நேராக வருவதா? எவ்வளவு இடம் தருகிறது, எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டு வகைச் செயலிகள்

முதல் வகை, ஸ்கேன் செய்து சேமிப்பவை. கூகுள் டிரைவ், அடோபி ஸ்கேன் போன்றவை இதில் வரும். ஒரு காலத்தில் எல்லார் போனிலும் இருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. இந்த வகையில் இருப்பது என்றைக்கும் நகல்தான். ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்திருப்பதற்கு உள்ள மதிப்புதான் அதற்கும்.

இரண்டாம் வகை, வழங்கிய துறையிடமிருந்து ஆவணத்தை இழுத்துக் கொண்டுவருபவை. 2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர் இதில் பெரியது. ஓட்டுநர் உரிமத்துக்கும் வண்டி ஆர்.சி.க்கும் மட்டும் எம்பரிவாகன் இருக்கிறது. ஆதாருக்கு மட்டும் ஆதார் ஆணையத்தின் செயலி இருக்கிறது. தமிழக அரசின் மின் ஆளுமை முகமை, இ-சேவைச் சான்றிதழ்களுக்காக இ-பெட்டகம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது.

டிஜிலாக்கருக்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த டிஜிட்டல் லாக்கர் விதிகளில், 2017 பிப்ரவரியில் 9ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். வழங்கிய துறையே டிஜிலாக்கருக்குள் போட்ட ஆவணம், காகித ஒரிஜினலுக்குச் சமம் என்பது அதன் சாரம். ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. விதிகளும், வழங்கியவர் யார் என்று கணினியில் சரிபார்க்கக்கூடிய டிஜிட்டல் கையொப்பம் உள்ள மின் ஆவணத்தையும் டிஜிலாக்கர் கணக்கில் வழங்கப்பட்ட ஆவணத்தையும் ஏற்கின்றன.

இந்த மதிப்பு டிஜிலாக்கரின் ஒரு பாதிக்குத்தான். செயலிக்குள் Issued என்று ஒரு பகுதி, Drive என்று ஒரு பகுதி. துறையிலிருந்து வந்தவை முதல் பகுதியில் இருக்கும். நாமே ஏற்றியவை இரண்டாவதில். அந்த இரண்டாவது பகுதி வெறும் 1 ஜிபி சேமிப்பிடம்தான். அரசுச் செயலிக்குள் இருக்கிறது என்பதால் நாம் எடுத்த போட்டோ ஒரிஜினலாகிவிடாது. ரயில்வே இதை 2018-இல் வெளிப்படையாகவே சொன்னது: பயணத்தில் அடையாளமாகக் காட்டும் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் Issued பகுதியில் இருந்தால் செல்லும், பயணி தானே ஏற்றிய பகுதியில் இருந்தால் செல்லாது. அலுவலகங்களில் "டிஜிலாக்கரை ஏற்கவில்லை" என்று வரும் புகார்களில் கொஞ்சத்துக்குக் காரணம் இந்தக் குழப்பம்தான்.

என் கருத்து, புதிதாகத் தொடங்குபவருக்கு டிஜிலாக்கர் ஒன்று, காகிதங்களை ஸ்கேன் செய்ய ஏதாவது ஒரு செயலி, அவ்வளவு போதும். வண்டி ஓட்டுபவர் வேண்டுமானால் எம்பரிவாகனைச் சேர்த்துக்கொள்ளலாம். நாலைந்து செயலிகளில் ஆளுக்கொரு பின் நம்பர் வைத்துவிட்டு, கவுன்டரில் நின்றுகொண்டு எது எதற்கு என்று யோசிப்பது வேண்டாத வேலை.

முதலில் சிம் கார்டு, பிறகுதான் செயலி

பிளே ஸ்டோரைத் திறப்பதற்கு முன், ஆதாரில் எந்த மொபைல் எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவர்கள், அண்ணன் எண்ணையோ பிரவுசிங் சென்டர்காரர் எண்ணையோ கொடுத்து ஆதார் எடுத்தவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். எண்ணை மாற்ற ஆதார் சேர்க்கை மையத்துக்குப் போகலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் வழியாகத் தபால்காரரும் மொபைல் எண்ணைப் புதுப்பித்துத் தருகிறார். நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது வசதி.

எண் சரியாக இருக்கிறதா? இப்போது செயலி. பிளே ஸ்டோரில் டிஜிலாக்கர் என்று தேடினால் அதே சாயலில் லோகோ வைத்த வேறு செயலிகளும் வரும். சிலவற்றில் விளம்பரம் மட்டும் இருக்கும், சில ஆதார் எண்ணையே கேட்கும். தேடுவதைவிட `digilocker.gov.in` தளத்துக்குப் போய், அங்கே இருக்கும் இணைப்பு வழியாகப் பதிவிறக்குவது நல்லது. செயலியை வெளியிட்டவர் பெயரில் மத்திய அரசின் துறை இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குத் தொடங்க மொபைல் எண், பிறந்த தேதி, பெயர், ஆதார் ஓ.டி.பி., அப்புறம் 6 இலக்க பின். பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரில் உள்ளபடி கொடுங்கள். பின்னை நீங்களே உட்கார்ந்து போடுங்கள். பிரவுசிங் சென்டரில் கணக்குத் தொடங்கியவர்கள் பலருடைய பின், அங்கே வேலை பார்ப்பவருக்கு வசதியான எண்ணாகத்தான் இருக்கும். அந்தக் கணினியிலேயே லாகின் ஆகியும் கிடக்கும். "ஏற்கெனவே கணக்கு இருக்கிறது" என்று திரையில் வந்தால் பயப்பட வேண்டாம். எப்போதோ யாரோ உங்கள் ஆதாரை வைத்துத் தொடங்கிக் கொடுத்த கணக்காக இருக்கலாம். பின் மறந்துவிட்டது என்ற வழியில் போய், ஆதார் ஓ.டி.பி. கொடுத்து, புது பின் போட்டுக் கணக்கை உங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஆவணங்களை இழுப்பது

உள்ளே போனதும் ஆதார் வந்துவிடும். அதில் 12 இலக்கங்களும் தெரியாமல் கடைசி 4 மட்டும் தெரிந்தால் அது குறையில்லை, பாதுகாப்புக்காக மறைத்தது. முழு எண் உள்ள கோப்பு வேண்டும் என்றால் `myaadhaar.uidai.gov.in` தளத்திலிருந்து இ-ஆதாரை இறக்கலாம். அதன் கடவுச்சொல், ஆதாரில் உள்ள பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு. செல்வம், 1998 என்றால் `SELV1998`.

ஓட்டுநர் உரிமத்துக்கு எண்ணை இடைவெளியில்லாமல் கொடுங்கள். பழைய உரிமம் வரவில்லை என்றால் போக்குவரத்துத் துறையின் சாரதி கணினியில் அந்தப் பதிவு ஏறாமலே இருக்கலாம், எடுத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் அதை ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தமிழகத்துச் சாதி, வருமான, இருப்பிட, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு, தேடும் இடத்தில் மாநிலத்தைத் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்து, சான்றிதழில் அச்சாகியிருக்கும் எண்ணைக் கொடுக்க வேண்டும். இ-சேவை வழியாக வந்த சான்றிதழுக்குத்தான் இது. அந்தக் காலத்தில் தாசில்தார் பேனாவால் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்த சாதிச் சான்றிதழ் எந்தச் செயலியிலும் கிடைக்காது. அதையே ஆதாரமாக வைத்து இ-சேவையில் புதிதாக விண்ணப்பித்து டிஜிட்டல் சான்றிதழ் வாங்கிக்கொள்வதுதான் வழி. வருமானச் சான்றிதழில் இன்னொன்றையும் கவனியுங்கள். அது ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருடச் சான்றிதழ் செயலியில் பத்திரமாக அப்படியே இருக்கும். புதியது தானாக வந்து அந்த இடத்தில் உட்காராது. புது எண்ணைக் கொடுத்து இழுத்தால்தான் வரும்.

மதிப்பெண் பட்டியலுக்குத் தேர்வு எண்ணும் ஆண்டும் போதும். அண்மை ஆண்டுகளில் எழுதியவர்களுக்குக் கிடைக்கும். பழைய பட்டியல்களை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனிஷியல் தகராறு

தமிழர்களுக்கு டிஜிலாக்கரில் வரும் பெரிய தலைவலி பான் கார்டு. ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

மதுரையில் வேலைக்குச் சேரும் செல்வம் என்ற இளைஞர் சம்பளக் கணக்குத் தொடங்க வேண்டும். அப்பா பெயர் முத்துசாமி. பத்தாம் வகுப்புப் பட்டியலில் SELVAM M, ஆதாரிலும் Selvam M. பான் அட்டையை எடுத்துப் பார்த்தால் அதிலும் M SELVAM என்றுதான் அச்சாகியிருக்கிறது. எல்லாம் ஒன்றுதானே என்று டிஜிலாக்கரில் பான் எண்ணைக் கொடுக்கிறார். விவரங்கள் பொருந்தவில்லை என்று வருகிறது. மறுபடி கொடுக்கிறார், அதே பதில்.

அட்டையில் அச்சாகியிருக்கும் பெயர் வேறு, வருமான வரித் துறையின் பதிவேட்டில் இருக்கும் பெயர் வேறு என்பதுதான் சங்கதி. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் இனிஷியல் போட விடமாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே அப்பா பெயர் அங்கே போய், பதிவேட்டில் SELVAM MUTHUSAMY ஆகிவிடுகிறது. அட்டையில் எப்படி அச்சிட வேண்டும் என்று கேட்கும் தனிக் கட்டத்தில் சுருக்கிக் கொடுத்ததால் அட்டையில் இனிஷியல் வந்திருக்கிறது. டிஜிலாக்கர் அட்டையைப் பார்ப்பதில்லை. ஆதாரில் உள்ள பெயரைப் பதிவேட்டில் உள்ள பெயரோடு ஒப்பிடுகிறது.

இது பெயர்ப் பிரச்சினையா, சர்வர் பிரச்சினையா என்று தெரிந்துகொள்வது எளிது. சர்வர் கோளாறு என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது பிறகு முயலுங்கள் என்று வரும். ராத்திரி முயன்றால் கிடைத்துவிடும். பெயர்ப் பிரச்சினை என்றால் எந்த நேரத்தில் முயன்றாலும் பொருந்தவில்லை என்ற ஒரே பதில்தான் வரும்.

செல்வத்துக்கு நாளைக்கே வங்கிக்குப் போக வேண்டும். அதற்கு டிஜிலாக்கரை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. பான் அட்டையை வழங்கிய நிறுவனம் புரோட்டீனா யூ.டி.ஐ.ஐ.டி.எஸ்.எல்.லா என்று பார்த்து, அந்தத் தளத்தில் இ-பான் கேட்டால், சிறு கட்டணத்தில் பி.டி.எஃப். கோப்பாகக் கொடுப்பார்கள். கடவுச்சொல் பிறந்த தேதியின் 8 இலக்கங்கள்: நாள், மாதம், ஆண்டு. அதில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. வங்கி பார்ப்பது அந்தக் கையொப்பத்தைத்தான், கோப்பு எந்தச் செயலிக்குள் இருந்தது என்பதை அல்ல. எனவே இந்தக் கோப்பை டிஜிலாக்கரின் Drive பகுதியிலோ போனிலோ எங்கே வைத்திருந்தாலும் அதன் மதிப்பு குறையாது. நாம் பிடித்த போட்டோவுக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

நிரந்தரத் தீர்வு என்றால் ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். பானில் இனிஷியல் ஏறாது என்பதால், ஆதாரை விரித்த பெயருக்கு மாற்றுவதுதான் மிச்சமிருக்கும் வழி. அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும். பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதில் அப்பா பெயர் எந்த எழுத்துக் கூட்டலில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு இடத்தில் Muthusamy, இன்னொரு இடத்தில் Muthuswamy என்று இருந்தால் ஒரு வாய்ப்பு வீண். ஏற்கெனவே பி.எஃப். கணக்கு இருப்பவர் இன்னும் யோசிக்க வேண்டும், அங்கேயும் பெயர் ஆதாரோடு பொருந்தியிருக்க வேண்டும். செல்வம் இப்போதுதான் வேலைக்குச் சேர்கிறார். பி.எஃப். எண் உருவாகும் முன்பே ஆதாரைச் சரிசெய்துவிட்டால் அவருக்குப் பிற்பாடு அலைச்சல் மிச்சம்.

மஞ்சள் கேள்விக்குறி

டிஜிட்டல் கையொப்பம் உள்ள இ-ஆதாரையோ இ-சேவைச் சான்றிதழையோ கணினியில் அடோபி ரீடரில் திறந்தால், கையொப்பக் கட்டத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியும் Validity Unknown என்ற வரியும் தெரியலாம். அப்படியே பிரின்ட் எடுத்துக் கொடுத்தால், "இது செல்லாது, பச்சை டிக் வரணும்" என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு. சான்றிதழில் கோளாறு எதுவுமில்லை. கையொப்பமிட்டவரை நம்பலாமா என்று அந்தக் கணினிக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

கையொப்பத்தின் மேல் வலது கிளிக் செய்து Validate Signature. வரும் பெட்டியில் Signature Properties, அதற்குள் Show Signer's Certificate. அங்கே Trust என்ற தாவலில் Add to Trusted Certificates. ஓகே கொடுத்து வெளியே வந்து மறுபடி Validate Signature செய்தால் பச்சை டிக் வரும். அப்புறம் பிரின்ட். அரசுத் தளத்திலிருந்து நீங்களே இறக்கிய கோப்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பை இப்படி நம்பச் சொல்லிவிட்டால் சோதனையே அர்த்தமில்லாமல் போய்விடும். போனில் திறக்கும்போது டிக் தெரியாமல் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். போனில் பயன்படுத்தும் பி.டி.எஃப். செயலிகளில் பல கையொப்பத்தைச் சோதிப்பதே இல்லை.

கையொப்பத்தை நாமே கெடுத்துவிடும் சம்பவமும் அடிக்கடி நடக்கிறது. விண்ணப்பத் தளம் 200 கேபிக்குள் கோப்பு கேட்கிறது. கோப்பு 600 கேபி. ஏதோ ஒரு தளத்தில் போட்டு அளவைக் குறைக்கிறோம். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் டிஜிட்டல் கையொப்பம் போய்விட்டது. ஓரத்தை வெட்டினாலும், கடவுச்சொல்லை நீக்குவதற்காகத் திரும்ப பி.டி.எஃப்.ஆகப் பிரின்ட் கொடுத்தாலும் இதே கதிதான். ஆகவே இறக்கிய கோப்பைத் தொடாமல் ஒரு ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். அளவு குறைத்த பிரதி தனியாக இருக்கட்டும், கோப்பின் பெயரிலேயே "சிறியது" என்று எழுதி வையுங்கள். கூடவே, முன்பின் தெரியாத இணையதளத்தில் ஆதாரை ஏற்றி அளவு குறைப்பதைத் தவிர்க்கப் பாருங்கள்.

கவுன்டரில்

வங்கிக்குப் போகும் முந்தைய நாள் ராத்திரி, வேண்டிய ஆவணங்களை டிஜிலாக்கரிலிருந்து பி.டி.எஃப்.ஆக இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பல கிளைகளில் உள்ளே சிக்னல் எடுக்காது. கவுன்டர் முன்னால் ஓ.டி.பி.க்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது, பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் எரிச்சல்.

போனதும் "ஆதார் போனில் இருக்கு" என்று ஆரம்பிப்பதைவிட, "டிஜிலாக்கரில் வழங்கிய ஆவணம் இருக்கிறது, உங்கள் கிளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பட்டுமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். கையொப்பத்தைச் சோதிக்க அவர்களுக்குக் கோப்பு வேண்டும், திரையைப் பார்ப்பதால் பயனில்லை. அனுப்புவது கிளையின் அதிகாரபூர்வ முகவரிக்கு இருக்கட்டும். ஊழியரின் சொந்த வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிட்டு, பிரின்ட் கொடுங்கள். மின் ஆவணம் கொடுத்துக் கணக்குத் தொடங்குபவரை வங்கியே நேரில் படம் பிடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொடுத்த பிறகும் கேமரா முன்னால் நிற்கச் சொன்னால் அதற்காகத்தான். சில கிளைகளில் கைரேகை வைத்து ஆதார் இ-கே.ஒய்.சி. முடித்துவிடுவார்கள், அங்கே எதையும் காட்டும் வேலையே இல்லை.

ஆன்லைனில் கணக்குத் தொடங்கினால், வங்கியின் பக்கமே உங்களை டிஜிலாக்கருக்குக் கொண்டுபோகும். பின் நம்பர் போடுமுன் மேலே உள்ள முகவரி `gov.in` என்று முடியும் தளமா என்று பாருங்கள். அடுத்து ஒப்புதல் பக்கம் வரும். எந்தெந்த ஆவணங்களை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். ஆதாரும் பானும் போதும் என்ற இடத்தில் மதிப்பெண் பட்டியலும் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். யாரும் படிக்காமல் தள்ளிவிடும் பக்கம் இது. நிதானமாகப் படிக்க வேண்டிய பக்கமும் இதுதான்.

சாலையில் போலீஸ் நிறுத்தினால் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டாமல், செயலியையே திறந்து உரிமத்தைக் காட்டுங்கள். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உள்ள உரிமமும் ஆர்.சி.யும் ஒரிஜினலுக்குச் சமம் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2018-லேயே மாநிலங்களுக்குத் தெரிவித்துவிட்டது. லாட்ஜ், வாடகை வீட்டுத் தரகர், கூரியர் அலுவலகம் மாதிரியான இடங்களில் முழு ஆதார் எண்ணைக் கொடுக்கத் தேவையே இல்லை. கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் பிரதியைக் கொடுங்கள்.

காகிதம் இல்லாமல் முடியாத இடங்கள்

வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கப் போனால் வங்கிக்கு மூலப் பத்திரம் கையில் வேண்டும். அது அவர்களிடம்தான் இருக்கும், கடன் முடியும்வரை. கல்லூரியில் சேரும்போது ஒரிஜினல் மாற்றுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுக்குப் போக பாஸ்போர்ட் புத்தகம்தான். தேர்வு மையத்தில் எந்த அடையாளம் செல்லும் என்பது ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கும். ஒரிஜினல் அட்டை என்று போட்டிருந்தால் விதி 9ஏ பற்றி வாசலில் நின்று வாதாடுவதில் பிரயோஜனமில்லை, உள்ளே மணி அடித்துவிடும். போன் உள்ளே அனுமதி இல்லாத இடம் அது என்பதையும் மறக்க வேண்டாம்.

தாலுகா அலுவலகங்களில் நிலைமை ஆளைப் பொறுத்தது. இ-சேவைச் சான்றிதழில் உள்ள க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு ஏற்பவர்களும் இருக்கிறார்கள், கெஸட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வா என்பவர்களும் இருக்கிறார்கள். டிஜிட்டல் கையொப்பம் உள்ள சான்றிதழுக்கு மேலே இன்னொரு அத்தாட்சி எதற்கு என்று பணிவாகக் கேட்கலாம். வேலை அன்றைக்கே முடிய வேண்டுமென்றால், பையில் ஒரு பிரின்ட் இருப்பது நல்லது.

போன் தொலைந்தால்

போன் போனால் ஆவணங்கள் போகாது, அவை துறைகளின் கணினியில்தான் இருக்கின்றன. போனோடு சேர்ந்து போகும் சிம்தான் பிரச்சினை. எடுத்தவன் சிம்மை வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அவனுக்குப் போகும். அதனால் முதலில் சிம்மை முடக்கச் சொல்லி மொபைல் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், அதே எண்ணில் புது சிம் வாங்குங்கள். அப்புறம் புதுப் போனில் டிஜிலாக்கரை ஏற்றி, உள்ளே போனதும் பின்னை மாற்றுங்கள். சிம்முக்கே ஒரு பின் பூட்டு போட்டு வைத்திருந்தால் தொலைந்த சிம்மை யாரும் பயன்படுத்த முடியாது. போனின் அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் அது இருக்கும். அதைப் போடும்போது பழைய பின்னைக் கேட்கும். அது தெரியாமல் குத்துமதிப்பாக மூன்று தடவை அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும், ஆகவே மொபைல் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

போனில் இறக்கி வைத்த பி.டி.எஃப்.கள் தனி விஷயம். இ-ஆதாருக்கும் இ-பானுக்கும் கடவுச்சொல் இருக்கிறது, சாதிச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் இருக்காது. அவற்றை டவுன்லோட் ஃபோல்டரில் போட்டு வைக்காமல், போனிலேயே உள்ள பூட்டிய ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். வங்கி வேலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட அந்தப் பழைய படங்களையும், கேலரியில் அவை சேமித்த நகல்களையும், குப்பைத்தொட்டி ஃபோல்டரில் உள்ளவற்றையும் சேர்த்து அழித்துவிடலாம்.